நாலு மணி வெயிலும் ஒரு வெள்ளை லைனிங்கும்

எங்கள் வீட்டில் அம்மாவின் அறை மேற்கு பார்த்தது. வேளச்சேரியில் மூன்றாவது மாடி. எதிரே வெயிலை மறைக்க மரமோ கட்டடமோ கிடையாது. ஐந்தடி அகலம், நாலடி உயரத்தில் ஒரு ஜன்னல், அதன் தலைக்கு மேல் இரண்டடி நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேட். கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அறையில் படுப்பதையே அம்மா விட்டுவிட்டார். தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து பாய் விரித்துக்கொள்வார்.

இத்தனைக்கும் அதற்கு முந்தைய மாதம்தான் அந்த ஜன்னலுக்கு அரக்கு நிறத்தில் கனமான ரெடிமேட் பிளாக்-அவுட் ஸ்க்ரீன் வாங்கி மாட்டியிருந்தேன். அறை நன்றாக இருட்டிவிட்டது, ஆனால் புழுக்கம் குறையவில்லை. ஒருநாள் நாலரை மணிக்கு ஸ்க்ரீனுக்கும் கண்ணாடிக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய பானைக்குப் பக்கத்தில் கை வைத்தது போல் அனல். துணியின் பின்பக்கம் தொட முடியாத சூடு. அறைப் பக்கம் தொட்டால் அதுவும் கிட்டத்தட்ட அதே சூடு. வெளிச்சத்தைத் தடுத்த துணி வெப்பத்தைத் தடுக்கவில்லை, வாங்கி வைத்துக்கொண்டு அறைக்குள் விட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் திரைத்துணியைப் பற்றி உட்கார்ந்து யோசித்தேன்.

முதலில் சன்ஷேட் ஏன் கைவிட்டது என்று பார்ப்போம். மே மாதம் சென்னையில் உச்சிவேளைச் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் இருக்கும். அப்போது இரண்டடி சன்ஷேட் ஜன்னல் முழுவதற்கும் நிழல் தரும். பிறகு சூரியன் மணிக்குச் சுமார் 15 டிகிரி வீதம் மேற்கே இறங்குகிறது. அஸ்தமனம் ஆறரைக்குச் சற்று முன். மூன்றரை மணி வாக்கில் சூரியன் 45 டிகிரி உயரத்துக்கு வந்துவிடும், அப்போது நம் சன்ஷேட்டின் நிழல் ஜன்னலில் மேல் இரண்டடிக்கு மட்டும்தான் விழும். நாலரைக்கு அது ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதல். ஐந்தரைக்கு ஆறு அங்குலம், அவ்வளவுதான். தெற்கு ஜன்னலுக்குப் பெரிய துணையாக இருக்கிற சன்ஷேட், மேற்கு ஜன்னலுக்கு எந்த நேரம் தேவையோ அந்த நேரத்தில் இல்லாமல் போகிறது. தாழ்ந்த வெயில் நேராகக் கட்டில் வரை நீளும்.

அந்த வெயில் எவ்வளவு சூட்டைக் கொண்டுவருகிறது? மேகமில்லாத நாளில் நாலரை மணிக்கு மேற்கு பார்த்த ஒரு சதுர மீட்டர் பரப்பில் 500 வாட்டுக்குக் குறையாமல் விழும். சாதாரணக் கண்ணாடி அதில் பெரும்பகுதியை, ஐந்தில் நாலு பங்கு அளவுக்கு, உள்ளே விட்டுவிடும். எங்கள் ஜன்னலில் நிழல் விழாத பகுதியை மட்டும் கணக்கிட்டாலே உள்ளே வருவது 500 வாட்டுக்கு மேல். ஓர் இஸ்திரிப் பெட்டியைப் பாதிச் சூட்டில் போட்டு, மூன்று மணி நேரம் அறை மூலையில் வைத்துவிட்டுப் போவதற்குச் சமம்.

கண்ணாடியின் குணம் ஒன்றைத் தெரிந்துகொண்டால் துணியைத் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிடும். வெயிலாக வருகிற கதிர்களைக் கண்ணாடி தடையின்றி உள்ளே விடும். ஆனால் சூடான பொருளிலிருந்து கிளம்புகிற வெப்பக் கதிர்களை அது வெளியே விடாது. ஆகவே வெயில் எந்த வடிவில் வந்ததோ அதே வடிவில் திருப்பி அனுப்பினால்தான் அது கண்ணாடி வழியே வெளியேறும். வெள்ளைப் பரப்பு அந்த வேலையைச் செய்கிறது, பட்ட வெயிலில் பெரும்பங்கை அப்படியே எதிரொளித்துவிடுகிறது. அடர்ந்த நிறமோ வெயிலை உறிஞ்சிச் சூடாகிறது. சூடான பிறகு அந்தச் சூட்டுக்குத் திரும்பிப் போக வழியில்லை, அறைக்குள்தான் வரவேண்டும். என் அரக்கு ஸ்க்ரீனுக்கு நடந்தது இதுதான். துணியின் கனத்தைவிட, கண்ணாடியைப் பார்த்திருக்கும் பக்கத்தின் நிறம்தான் வெப்பத்தைத் தீர்மானிக்கிறது. அறைப் பக்கம் உங்கள் விருப்பம். மயில்நீலம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

கடைக்குப் போனால் பிளாக்-அவுட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகளைக் காட்டுவார்கள். ஒன்று நெசவிலேயே இருட்டைக் கொண்டுவருவது. பாலியஸ்டர் நூலில் மூன்று அடுக்காக நெய்து, நடு அடுக்கில் கறுப்பு நூல் ஓடவிட்டிருப்பார்கள். தொட்டால் மெத்தென்று இருக்கும், அழகாக மடிந்து விழும், வீட்டு மெஷினிலேயே துவைக்கலாம். ரெடிமேடாக வருவதில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். இதில் முன்பக்கம் என்ன நிறமோ பின்பக்கமும் அதே நிறம். அரக்கு வாங்கினால் கண்ணாடிக்கும் அரக்குதான். எனவே இந்த ரகம்தான் வேண்டுமென்றால் வெளிர் நிறத்தில் வாங்குங்கள், இல்லாவிட்டால் பின்னால் தனியாக ஒரு வெள்ளை லைனிங் போடுங்கள்.

இன்னொன்று பூச்சுத் துணி. துணியின் ஒரு பக்கத்தில் அக்ரிலிக் நுரையை அடுக்கடுக்காகப் பூசியிருப்பார்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு பாஸ் என்று கணக்கு. டூ பாஸ் என்றால் பெரும்பாலும் ஒரு பூச்சு கறுப்பு, அதன்மேல் ஒரு பூச்சு வெள்ளை அல்லது சாம்பல். திரீ பாஸ் என்றால் வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று மூன்று. நடுவில் இருக்கும் கறுப்பு வெளிச்சத்தை நிறுத்தும், வெளியில் இருக்கும் வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். மேற்கு ஜன்னலுக்கு லைனிங் என்று கேட்டால் நான் சொல்வது இந்தத் திரீ பாஸ் வெள்ளையைத்தான். டூ பாஸ் மலிவு, ஆனால் பூச்சுப் பக்கம் சாம்பல் நிறமாக இருந்தால் அந்தப் பக்கம் கண்ணாடியைப் பார்க்கக் கூடாது. இதை மறந்து தைத்துக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு.

இந்த இரண்டுக்கும் நடுவே, பூச்சே இல்லாத நெருக்கமான நெசவு வெள்ளைத் துணியும் லைனிங்காகக் கிடைக்கும், பருத்தியிலும் பாலி-காட்டனிலும். அது அறையை முழுக்க இருட்டாக்காது, மங்கிய வெளிச்சத்தை விடும். பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து படிக்கிற அறை, பெரியவர்கள் நடமாடுகிற கூடம் ஆகியவற்றுக்கு நான் இதையே விரும்புவேன். பட்டப்பகலில் இருட்டறையில் நடமாடுவது வயதானவர்களுக்கு ஆபத்து. அம்மா அந்த நேரத்தில் தூங்குகிறவர் என்பதால் மட்டுமே எங்களுக்குத் திரீ பாஸ் சரிப்பட்டது.

பூச்சுத் துணியைக் கடையிலேயே சோதித்துவிடலாம். செல்போன் டார்ச்சைத் துணியின் பின்னால் ஒட்டிப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்த்திப் பாருங்கள். நல்ல துணியில் எதுவும் தெரியாது. ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள் மின்னினால் பூச்சு சீராக விழவில்லை. பிறகு ஓரத்தை இறுக்கமாக மடித்து நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டு, பிரித்து மறுபடி டார்ச் அடியுங்கள். மடிப்புக் கோட்டில் வெளிச்சம் கீற்றாக வந்தால் ஒரு வருட வெயிலிலேயே அந்தப் பூச்சு உதிரத் தொடங்கிவிடும். இந்தச் சோதனையில் நான் இரண்டு பிட்டுகளை ஒதுக்கினேன்.

முகத்துணியாக, அதாவது அறைப் பக்கம் தெரியும் துணியாக, எதைப் போடுவது? லைனிங் வெயிலைத் தாங்கிக்கொள்வதால் இங்கே சுதந்திரம் அதிகம். பட்டு மட்டும் வேண்டாம். வெயில் பட்டுப்பட்டுப் பட்டின் இழை சில வருடங்களில் மக்கிப்போய் மடிப்பிலேயே கிழியும். கண்ணாடிக்குப் பின்னால் தொங்குவதற்குப் பாலியஸ்டர் நன்றாக உழைக்கும். பருத்தி பார்க்கக் குளுமை, ஆனால் துவைத்தால் சுருங்கும். லைனிங் சுருங்காது. இரண்டையும் சேர்த்துத் தைத்திருந்தால் முதல் சலவைக்குப் பிறகு லைனிங் கீழே பாவாடை மாதிரி எட்டிப் பார்க்கும். பருத்திதான் வேண்டுமென்றால் வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிடுங்கள்.

துணி சரியாக அமைந்தும் பலர் வீட்டில் பலன் கிடைக்காமல் போவதற்குக் காரணம் மேலே இருக்கும் இடைவெளி. கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் உள்ள காற்று சூடாகி மேலே எழும்பும். திரையின் தலைப்பகுதி திறந்திருந்தால் அந்த அனல் அறைக்குள் கொட்டும், கீழே இருந்து அறைக்காற்று உள்ளே போய் அதுவும் சூடாகி மேலே வரும். புகைபோக்கி மாதிரி மாலை முழுக்க இது ஓடிக்கொண்டே இருக்கும். ராடில் கோக்கிற வளையம் வைத்த ஐலெட் ஸ்க்ரீன்களில் இந்தத் தொல்லை அதிகம். ராடு சுவரை விட்டு மூன்று நாலு அங்குலம் தள்ளி நிற்கும், துணி அலை அலையாக நிற்பதால் மேலே முழுக்கத் திறப்பு. பக்கவாட்டிலும் அப்படியே. உங்கள் வீட்டில் எப்படி என்று அறிய, நாலு மணிக்கு ஒரு ஸ்டூலில் ஏறி ஸ்க்ரீனின் மேல் விளிம்புக்கு மேலே கையை நீட்டுங்கள். அனல் எழும்புவது கையில் தெரியும்.

ராடை எடுத்துவிட்டு ட்ராக் போடுவதுதான் இதற்கு வழி. மடிப்பு வைத்து ஹூக்கில் மாட்டும் ஸ்க்ரீன், ட்ராக்கை மறைத்துக்கொண்டு மேல்வரை நிற்கும். ட்ராக்கைக் கூரையிலேயே அடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. முடியாவிட்டால் ட்ராக்குக்கு மேலே பலகையால் ஒரு பெல்மெட், மேல்பக்கம் மூடியதாக. முன்பக்கம் மட்டும் மறைத்து மேலே திறந்திருக்கும் பெல்மெட் அழகுக்குத்தான் ஆகும். பக்கவாட்டில் துணியின் கடைசி ஹூக்கைச் சுவரில் ஒரு கொக்கி அடித்து அதில் மாட்டிவிட்டால், துணி மடங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

மின்விசிறியையும் மறக்க வேண்டாம். ஃபேன் சுற்றும்போது ஸ்க்ரீன் உப்பி உப்பி அடங்கினால், ஒவ்வொரு முறையும் பின்னால் இருக்கும் அனலை அறைக்குள் தள்ளுகிறது என்று அர்த்தம். கீழ் மடிப்புக்குள் ஈயக் குண்டுகளோ கனமான செயினோ வைத்துத் தைத்தால் துணி அசையாமல் நிற்கும்.

இனி அம்மாவின் ஜன்னலுக்கு நாங்கள் போட்ட கணக்கு. ஜன்னல் அகலம் 60 அங்குலம். இரண்டு பக்கமும் எட்டெட்டு அங்குலம் கூடுதலாக ட்ராக் 76 அங்குலம். பக்கவாட்டில் சுவருக்கு மடங்க நாலு நாலு அங்குலம், நடுவில் இரண்டு திரைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ள மொத்தம் ஆறு அங்குலம். ஆக மூட வேண்டிய அகலம் 90. மடிப்பு நன்றாக விழ முகத்துணிக்கு இரண்டு மடங்கு வேண்டும், 180 அங்குலம். துணியின் பன்னா 48 அங்குலம். வகுத்தால் நாலுக்குக் கொஞ்சம் குறைவு, எனவே நாலு பிட். ஒரு பக்கத்துக்கு இரண்டு.

உயரத்தை ஜன்னலின் அளவோடு நிறுத்தவில்லை. ஜன்னலின் தலை தரையிலிருந்து ஏழடி, ட்ராக்கை ஏழரை அடியில் அடித்தோம். அங்கிருந்து தரைவரை தொங்கவிட்டால் கீழ்ப்பக்க இடைவெளி அடைபடும். தைத்து முடித்த உயரம் 89 அங்குலம், மேல் மடிப்புக்கு 4, கீழ் மடிப்புக்கு 6, ஓரம் நேராக்கக் கொஞ்சம் என்று ஒரு பிட்டுக்கு 2.6 மீட்டர். நாலு பிட்டுக்கு 10.4 மீட்டர். பூ வேலைப்பாடு உள்ள துணியாக இருந்தால் பிட்டுக்குப் பிட்டு பூ ஒட்டிவர இன்னும் கொஞ்சம் கூடுதலாகும். நாங்கள் வெற்றுத் துணியாக, சந்தன நிறத்தில் எடுத்தோம்.

துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது எங்கள் தெருமுனைத் தையல்காரர் கேட்ட முதல் கேள்வி, “லைனிங்கைச் சேர்த்துத் தைச்சிடட்டுமாம்மா, தனியா தொங்கட்டுமா?”

“எது நல்லது அண்ணா?”

“தனியா தொங்கட்டும்மா. துவைக்கணும்னா கழட்டிக்கலாம். நாலு வருஷத்துல அது போயிடுச்சுன்னா அதை மட்டும் மாத்தலாம். முகத்துணி அப்படியே இருக்கும்.”

எனக்கும் அதுவே சரியாகப்பட்டது. இன்னொரு நன்மையும் இருந்தது. தனியாகத் தொங்கும் லைனிங்குக்கு அவ்வளவு மடிப்பு தேவையில்லை, ஒன்றரை மடங்கு போதும். 90-க்கு ஒன்றரை மடங்கு 135 அங்குலம். லைனிங் பன்னா 54, எனவே இரண்டரை பிட், வாங்கியது மூன்று பிட். உயரம் முகத்துணியைவிட ஓர் அங்குலம் குறைவு, இல்லையென்றால் கீழே தெரியும். பிட்டுக்கு இரண்டரை மீட்டர் வீதம் ஏழரை மீட்டரில் முடிந்தது. இரட்டை ட்ராக்கில் கண்ணாடிப் பக்கம் லைனிங், அறைப் பக்கம் முகத்துணி.

பூச்சுத் துணியில் ஊசி இறங்கிய ஓட்டை மூடாது. தையல் ஓடிய இடமெல்லாம் வெளிச்சப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். அதனால் குண்டூசி குத்தி அளக்காமல் கிளிப் போட்டுப் பிடிக்கச் சொன்னேன். பிரித்துத் தைக்கிற வேலை வராமல் முதலிலேயே அளவை இரண்டு முறை சரிபார்த்தோம். மூன்றாவது பிட்டை நெடுக்கில் இரண்டாக வெட்டி இரு பக்கத்திலும் சேர்த்ததில் ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் இணைப்புத் தையல் உண்டு. அந்தத் தையலைச் சுவர் ஓரமாக, கண்ணாடிக்கு வெளியே வருமாறு வைத்தார். இஸ்திரி போடுவதாக இருந்தால் துணிப் பக்கம் மட்டும், மிதமான சூட்டில். பூச்சின் மேல் பெட்டியை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். டிரைகிளீனிங்குக்குக் கொடுக்கக் கூடாது, அந்த ரசாயனத்தில் பூச்சு கரைந்துபோகும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும். துவைத்தே ஆகவேண்டுமென்றால் கையால் அலசி, பிழியாமல், விரித்துத் தொங்கவிட வேண்டும்.

மாட்டிய முதல் நாள் நாலரை மணிக்கு முன்பு போலவே கையை விட்டுப் பார்த்தேன். கண்ணாடிக்கும் லைனிங்குக்கும் நடுவில் இப்போதும் அனல்தான். ஆனால் லைனிங்கைத் தாண்டி முகத்துணியைத் தொட்டபோது அது அறைச்சூட்டில்தான் இருந்தது. இரண்டு துணிகளுக்கும் நடுவே அடைபட்டு நிற்கும் காற்றும் ஒரு தடுப்பாக வேலை செய்கிறது.

நேரம் தவறாமல் மூடுவதும் முக்கியம். வெயில் தரையில் விழுந்த பிறகு இழுத்து மூடினால் அதற்குள் தரையும் கட்டிலும் சூட்டை வாங்கிவிட்டிருக்கும். மதியம் ஒரு மணிக்கே மூடிவிடுகிறோம். சென்னையில் பெரும்பாலான நாட்களில் மதியத்துக்குப் பிறகு கிழக்கிலிருந்து கடற்காற்று உள்ளே வரும். அது வந்துவிட்டால் ஹாலின் கிழக்கு ஜன்னலைத் திறந்து வைத்து, மேற்கு ஜன்னலின் ஒரு கதவைத் திரைக்குப் பின்னால் ஒரு சாண் திறந்துவிடுவேன். காற்று வீட்டைக் கடந்து மேற்கே வெளியேறும்போது திரைக்குப் பின்னால் இருக்கிற அனலையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. கடற்காற்று எட்டாத உள் மாவட்டங்களில் இது ஆகாது. அங்கே வெளிக்காற்றே அனலாக இருக்கும், ஜன்னலைச் சாத்தியே வைக்க வேண்டும். ஏ.சி. ஓடும்போதும் அப்படித்தான்.

இவ்வளவு செய்தும் திரையால் முடிகிற காரியத்துக்கு ஓர் எல்லை உண்டு. வெள்ளைப் பிளாஸ்டிக் பின்பக்கம் உள்ள நடுத்தர நிறத் திரைகள் வெயில் வழியே வரும் வெப்பத்தை 33 சதவீதம் வரை குறைக்கும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. அதே துறை மேற்கு ஜன்னலுக்கு வெளியே கட்டும் சாய்ப்புத் துணிப் பந்தலுக்குச் சொல்லும் கணக்கு 77 சதவீதம் வரை. வித்தியாசத்துக்குக் காரணம் எளிது. திரை பிடிப்பது கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலை, பந்தல் பிடிப்பது வெளியிலேயே. சொந்த வீடாகவோ பால்கனியாகவோ இருந்தால் மூங்கில் தட்டியோ பச்சை நிழல்வலையோ வெளியே கட்டிவிட்டு, உள்ளே சாதாரண வெள்ளை லைனிங்கோடு நிறுத்திக்கொள்வதுதான் பணத்துக்கு நல்லது. எங்கள் அடுக்ககத்தில் வெளிச்சுவரில் எதையும் தொங்கவிட அனுமதி இல்லை.

செலவு செய்வதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். இரவு எட்டு மணிக்கு மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள், பிறகு எதிர்ச் சுவரிலும். மேற்குச் சுவர் மட்டும் கதகதவென்று இருந்தால், வெயில் ஜன்னல் வழியாக மட்டும் வரவில்லை, செங்கல்லுக்குள்ளும் ஏறியிருக்கிறது. பகலில் வாங்கிய சூட்டை அது நடுநிசி வரை விட்டுக்கொண்டிருக்கும். அதைத் திரை தடுக்காது. வெளிப்பக்கம் வெள்ளைப் பூச்சு அடிப்பதும் கட்டிலை அந்தச் சுவரைவிட்டு நகர்த்துவதும் தனி வேலைகள். நாங்கள் கட்டிலை நகர்த்தினோம். இப்போது அம்மா மதியம் அவர் அறையிலேயே தூங்குகிறார். ஆறரை மணிக்கு எழுந்ததும் முதலில் முகத்துணியை, பிறகு லைனிங்கை ஓரமாகத் தள்ளி இரண்டு கதவுகளையும் விரியத் திறந்துவிடுகிறார்.